உச்சியில் வழுக்கையாகும் முத்துச்சரத் தொட்டி: எப்படி நிரப்புவது, எப்படித் தண்ணீர் ஊற்றுவது

தொங்கும் தொட்டியில் முத்துச்சரச் செடி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் விவரிக்கிறார்கள். வாங்கி வந்தபோது தொட்டியின் மேற்பரப்பு முழுவதும் மணி போன்ற பச்சை இலைகள் மூடியிருந்தன; ஆறேழு மாதங்களில் சரங்கள் கீழே இரண்டு அடிக்கு இறங்கிவிட்டன, ஆனால் மேலே நடுவில் வெறும் மண் தெரிகிறது. அதே தொட்டியில் ஒரு பக்கம் விரல் வைத்தால் தூசியாக இருக்கிறது, அடித்துளையில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. இவை இரண்டையும் தனித்தனிக் கோளாறுகளாகப் பார்த்து, வழுக்கைக்கு உரமும் காய்ந்த மண்ணுக்குக் கூடுதல் தண்ணீரும் கொடுப்பவர்கள் செடியை இழக்கிறார்கள். நானும் ஒன்றை அப்படித்தான் இழந்தேன். இரண்டாவது தொட்டியில் அதே அறிகுறிகள் தொடங்கியபோதுதான், உச்சியை நிரப்புவதற்கான மூன்று வழிகளையும் தண்ணீர் கொடுப்பதற்கான மூன்று வழிகளையும் அருகருகே வைத்து யோசித்தேன். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கும் தொட்டிக்கு எந்த இணை பொருந்துகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் இந்தச் செடி எப்படி வாழப் பழகியது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் தீர்வுகளை எடைபோட அதுவே அளவுகோல். தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த முத்துச்சரம் அங்கே தொங்குவதில்லை. புதர்களின் அடியிலும் பாறைகளுக்கு இடையிலும் தரையோடு படர்கிறது. தண்டு மண்ணைத் தொடும் கணுக்களில் எல்லாம் சிறு வேர்கள் விட்டு, அந்த வேர்கள் மூலம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே நகர்கிறது. வேர்கள் ஆழமாகப் போவதில்லை. தொட்டியில் தொங்கவிடும்போது சரத்தின் கணுக்களுக்கு மண் கிடைப்பதில்லை. முழுச் சரத்துக்கும் தண்ணீர் தருவது உச்சியில் இருக்கும் பழைய தண்டும் அதன் சில அங்குல வேர்களும் மட்டுமே. வயதான தண்டில் மணிகள் உதிர்வது இயல்புதான். தரையாக இருந்தால் புதிய கணு வேரூன்றி அந்த இடத்தை மூடியிருக்கும். தொட்டியில் மூடுவதற்கு யாருமில்லை.

அடுத்தது ஒளி. ஒவ்வொரு மணியிலும் ஒரு மெல்லிய, கண்ணாடி போன்ற கோடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒளி அதன் வழியாக மணியின் உள்ளே போகிறது. ஆகவே மணி உருண்டையாகவும் சிறிதாகவும் இருந்தாலும் அதற்கு நல்ல வெளிச்சம் தேவை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. தாழ்வாரத்தின் மேல் தளம் அந்த ஒளியை முழுவதும் மறைத்துவிடுகிறது. உள்ளே வருவது காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயிலும், பக்கவாட்டில் வரும் வான வெளிச்சமுமே. கூரையிலிருந்து ஒரு முழம் கீழே தொட்டியை மாட்டினால், அந்தச் சாய்வொளி தொங்கும் சரங்களில் நன்றாக விழும். தொட்டியின் விளிம்புக்குள் இருக்கும் உச்சியில் விழாது. காலை பத்து மணிக்கு உச்சிக்கு மேல் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். மண்ணில் கையின் நிழல் தெளிவான ஓரத்தோடு தெரிந்தால் ஒளி போதும். நிழலே விழவில்லை என்றால், எந்த வழியில் உச்சியை நிரப்பினாலும் அது மறுபடி வெறுமையாகும்.

மூன்றாவது, ஈரம் சீராகப் பரவாமை. கடையில் தொங்கும் தொட்டிகள் பெரும்பாலும் தேங்காய்நார்த் துகளில் வருகின்றன. எடை குறைவு என்பதால் தொங்கவிட வசதி. ஆனால் ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் அது சுருங்கி, தொட்டிச் சுவரிலிருந்து விலகிக்கொள்கிறது. காற்றும் வெயிலும் படும் வெளிப்பக்கம் முதலில் காய்கிறது, ஆகவே விரிசலும் அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு நேரே அடிக்கு ஓடுகிறது. அடியில் இருக்கும் சில சென்டிமீட்டர் மண்ணோ எந்தத் தொட்டியிலும் கடைசியாகத்தான் காயும், ஏனென்றால் மண்ணின் நுண்துளைகள் பிடித்துவைத்திருக்கும் நீரை ஈர்ப்பு விசையால் முழுவதும் வெளியேற்ற முடிவதில்லை. இதைச் சரிசெய்கிறேன் என்று அடியில் கூழாங்கல் பரப்புவது வீண். ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கும். மேலே வேர் இருக்கும் இடம் தூசி, கீழே வேர் இல்லாத இடம் சேறு என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

எனவே எந்த வழியையும் தேர்வதற்கு முன் தொட்டி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய வேண்டும். நான் பயன்படுத்துவது பயணப்பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு. தொங்கும் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது, கம்பியோடு மாட்டி அப்படியே எடை பார்க்கலாம். கூடவே ஒரு சாத்தே குச்சி போதும்.

என் தொட்டி 18 சென்டிமீட்டர் அகலமும் 13 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டது. கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில், கூரைக்கு மிக அருகில் தொங்கியது. மேல் மண் காய்ந்து வெளுத்திருந்த ஒரு காலையில் அதன் எடை 1,050 கிராம். குச்சியைச் செருகி எடுத்தபோது மேல் பாதி சுத்தமாகவும் கீழ்ப் பாதி கறுத்த ஈரத்துடனும் வந்தது. ஒரு வாளியின் மேல் தொங்கவிட்டு 300 மில்லி தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் 210 மில்லி கீழே வந்துவிட்டது. அதாவது ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தொட்டியில் நிற்கவில்லை. மறுநாள் அதே தொட்டியை வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, நன்றாக வடியவிட்டு எடை பார்த்தேன்: 1,600 கிராம். தொட்டியால் அரை லிட்டருக்கு மேல் பிடிக்க முடியும், ஆனால் மேலிருந்து ஊற்றும்போது அது நடக்கவில்லை என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிட்டன. வாராவாரம் தவறாமல் ஊற்றியும் செடி தாகத்தில் இருந்தது இதனால்தான்.

சரங்களையும் சோதிக்க வேண்டும். தாகத்தில் இருக்கும் மணி தட்டையாகிச் சுருங்கும், ஆனால் பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகலில் இருக்கும் மணி கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்து, மஞ்சளித்து, அழுத்தினால் உடையும். இவற்றுக்கு நடுவே ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு: அடித்தண்டு அழுகிவிட்ட சரமும் சில நாள் கழித்துத் தாகத்தில் சுருங்குவது போலவே சுருங்கும், ஏனெனில் மேலிருந்து தண்ணீர் வருவது நின்றுவிட்டது. மணிகளில் சேமிப்பு இருப்பதால் அந்தச் சுருக்கம் தாமதமாகத்தான் தெரியும். மண் ஈரமாக இருந்தும் சரம் சுருங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; சரத்தை உச்சியில் பிடித்து மெல்ல இழுங்கள். என் தொட்டியில் 14 சரங்களில் 5 எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தன. அவற்றின் அடியில் ஒரு விரற்கடை நீளம் கறுத்து நூலாகியிருந்தது. மீதி ஒன்பதும் பிடிப்போடு இருந்தன.

இனி உச்சியை நிரப்பும் வழிகள். முதல் வழி, நீண்ட சரத்தை வெட்டாமல் மேலே தூக்கி, வழுக்கை இடத்தில் சுருளாகப் படுக்க வைத்து, வளைத்த கொண்டை ஊசியால் கணுக்களை மண்ணோடு பிடித்து வைப்பது. சரம் தாய்த் தண்டோடு இணைந்தே இருப்பதால் வேர் விடும் வரை அது பட்டினி கிடப்பதில்லை. ஆகவே தோல்வி மிக அரிது. இழப்பு நீளம் மட்டுமே: அறுபது சென்டிமீட்டர் தொங்கிய சரம் இருபதாகிவிடும், அழகுக்காக வாங்கியவருக்கு அது வருத்தம் தரும். ஆனால் இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இழுத்துப் பார்த்தபோது பிடிப்போடு இருந்த சரத்துக்கே இது செல்லும். அடி அழுகிய சரத்தைச் சுருட்டி வைத்தால் அழுகலை உச்சி முழுவதும் பரப்பியதாகும்.

இரண்டாவது வழி, சரத்தைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி நடுவது. வெட்டிய முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கு மணிகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் ஒருநாள் காயவிட வேண்டும். மழை நாட்களில் இங்கே ஈரப்பதம் மிக அதிகம் என்பதால் நான் இரண்டு நாள் விடுகிறேன். பிறகு குழி தோண்டிப் புதைக்காமல், மணி கிள்ளிய பகுதி மண்ணில் படும்படி படுக்க வைத்து ஊசியால் பிடித்துவிட வேண்டும். புதைத்தால் தண்டு மூச்சுத் திணறி அழுகுகிறது. இந்த வழியில் தொங்கும் நீளத்தை இழக்காமல் நுனித் துண்டுகளை மட்டும் எடுக்கலாம். அழுகிய சரத்தின் ஆரோக்கியமான பகுதியையும் மீட்கலாம். ஆனால் துண்டுகள் வேர் விடும் இரண்டு மூன்று வாரமும் மேல் மண்ணை லேசான ஈரத்தில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், பழைய சரங்களின் அடித்தண்டுக்கு அதுவே ஆபத்து. தேங்காய்நார்த் துகளில் அந்த ஆபத்து பெரிது; கல் கலந்த மண்ணில் சிறிது.

மூன்றாவது, பழைய தொட்டியைக் கைவிட்டு, எல்லாச் சரங்களையும் வெட்டிப் புதிய தொட்டியில் தொடங்குவது. பாதிக்கு மேற்பட்ட சரங்கள் கையோடு வந்தால் இதுவே நேர்மையான முடிவு. அதற்குக் குறைவாக இருக்கும்போது இதைச் செய்வது, நலமாக இருக்கும் தண்டையும் தண்டிப்பதாகும்.

எனக்கு ஒன்பது நல்ல சரங்கள் இருந்ததால் முதல் இரண்டையும் கலந்தேன், ஆனால் அதற்கு முன் மண்ணை மாற்றினேன். வேர்க்கட்டியை வெளியே எடுத்தபோது, வெளிப்பக்கம் பழுப்பாக உலர்ந்தும், அடியில் நான்கு சென்டிமீட்டர் கறுத்துச் சேறாகியும் இருந்தன. உயிருள்ள வேர்கள் நடுவில் ஒரு வளையமாக மட்டுமே இருந்தன. 13 சென்டிமீட்டர் ஆழம் இந்தச் செடிக்குத் தேவையே இல்லை. அதே அகலத்தில் 9 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டிக்கு மாற்றி, சுட்டமண் துகளும் பியூமிஸ் கல்லும் சேர்ந்து பாதி, சாதாரணத் தொட்டி மண் பாதி என்று கலந்து நிரப்பினேன். மண்ணை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை உயர்த்தினேன். மண் தாழ்ந்திருந்தால் விளிம்பே உச்சிக்கு நிழல் தரும். மூன்று நீண்ட சரங்களை வெட்டாமல் சுருட்டி வைத்தேன். கையோடு வந்த ஐந்து சரங்களின் நல்ல பகுதியிலிருந்து பன்னிரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒரு மாதத்தில் சுருட்டிய மூன்றும் கணுக்களில் வேர் விட்டிருந்தன. துண்டுகளில் ஒன்பது பிடித்தன, மூன்று அழுகின. அழுகிய மூன்றும் ஒரே இடத்தில், கம்பி ஒன்று நீளமாக இருந்ததால் தொட்டி சாய்ந்திருந்த தாழ்ந்த பக்கத்தில் இருந்தன. மூன்று கம்பிகளும் ஒரே அளவு என்று நம்பாமல் ஒரு தட்டுத் தண்ணீரை மண்ணின் மேல் வைத்துச் சாய்வைப் பார்த்திருக்கலாம். அதை நான் பிறகுதான் செய்தேன்.

தண்ணீர் கொடுப்பதிலும் மூன்று வழிகள் உண்டு. நீர்த்தேக்கம் உள்ள, தானே உறிஞ்சும் தொட்டியை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். வெளியூர் அடிக்கடி போகிறவர்களுக்கு இது கவர்ச்சியானது, மணிபிளாண்ட்டுக்கும் பெரணிக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. முத்துச்சரத்துக்கோ அது இருக்கும் கோளாறையே நிரந்தரமாக்குகிறது: திரி வழியாக ஏறும் ஈரம் அடியில் எப்போதும் இருக்கும், மேல் விரற்கடை எப்போதும் காய்ந்திருக்கும். தொட்டியின் அடியில் பொருத்தி வரும் தட்டும் ஒரு சிறு நீர்த்தேக்கம்தான். டெங்கிக் கொசு அத்தகைய தட்டில் முட்டையிலிருந்து சுமார் ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். தேசிய சுற்றுப்புற வாரியம் தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை அடிக்கடி அகற்றச் சொல்வது அதற்காகத்தான். தலைக்கு மேல் தொங்கும் தட்டை யாரும் அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, தொட்டியை இறக்கி வாளியில் அமிழ்த்துவது. தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேல்மண் நிறம் மாறும். விரிசல் விட்ட மண்ணை மீண்டும் ஈரம் ஏற்கச் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நனைவதும் இதில் மட்டும்தான். ஆனால் இதை வழக்கமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு முறையும் அடிமண் முழுக் கொள்ளளவுக்கு நனைகிறது. அது காய்வதற்குள் மேலே மீண்டும் தாகம் வந்துவிடுகிறது. பல தொட்டிகளை ஒரே வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் மாவுப்பூச்சியும் அழுகல் நோயும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். நீண்ட சரங்களை ஒவ்வொரு தடவையும் தூக்கி இறக்கும்போது மணிகளும் உதிரும்.

மூன்றாவது, மேலிருந்து ஊற்றுவது. எல்லோரும் செய்வதும் பெரும்பாலோர் தவறாகச் செய்வதும் இதுவே. ஒரே மூச்சில் ஊற்றினால் தண்ணீர் எளிய வழியைத் தேடி ஓடிவிடும். அதற்குப் பதிலாக முதலில் 80 மில்லியை, நுனி மெலிந்த சாஸ் போத்தலில் எடுத்து, சரங்களை விலக்கிக்கொண்டு மண்ணின் மேல் வட்டமாக விட வேண்டும். காய்ந்த பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. பத்து நிமிடம் கழித்து, மேற்பரப்பு ஈரத்தை ஏற்கத் தயாரான பிறகு, மீதியை மெதுவாக ஊற்ற வேண்டும். புதிய மண்ணில் என் தொட்டி காய்ந்த நிலையில் சுமார் 1,000 கிராம், முழு ஈரத்தில் சுமார் 1,400. எடை 1,080-க்கு இறங்கும்போது 350 மில்லி ஊற்றுகிறேன். 60 மில்லிக்கு உட்பட்டு வெளியே வருகிறது. அது ஒருநாள் 150-ஐத் தாண்டினால் மண் மீண்டும் விரிசல் விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்று மட்டும் வாளி முறை.

நாட்களை எண்ணுவதை விட எடையைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது இந்தத் தொட்டியிலேயே தெரிந்தது. மழையில்லாத வாரங்களில் 1,080-க்கு இறங்க ஒன்பது நாள் ஆனது. வடகிழக்குப் பருவமழை நிற்காமல் பெய்த டிசம்பரில் பதினான்கு நாள் ஆனது. "வாரம் ஒருமுறை" என்ற விதி முதல் நிலையில் சற்று முந்துகிறது, இரண்டாவதில் செடியை அழுகவைக்கிறது.

வேர் விடும் வாரங்களில் மட்டும் ஒரு விதிவிலக்கு தேவைப்படும். துண்டுகள் இருக்கும் இடத்தில், காலையில், மண் மீது மட்டும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓரிரு பிழிவு கொடுத்தேன். மணிகள் மேல் தெளிப்பதையும் மாலையில் தெளிப்பதையும் தவிர்க்க வேண்டும்; இரவு வெப்பம் இங்கே 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, காற்று ஈரமாக நிற்கும், தண்டுகளுக்கு இடையே தங்கிய நீர் காலை வரை காயாது.

தொட்டியை எங்கே வைத்து ஊற்றுவது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. தொங்கிய இடத்திலேயே ஊற்றினால் வழியும் நீர் கீழ்வீட்டின் மூங்கில் கழியில் காயும் துணி மேல் விழும். கீழ்வீட்டு அம்மா ஒருமுறை படியேறி வந்து, "தம்பி, மழையா இதுன்னு பார்த்தேன், வானம் சுத்தமா இருக்கு" என்றார். அன்றிலிருந்து குளியலறைத் தரையில்தான் ஊற்றுகிறேன். இறக்கி ஏற்றுவது சிரமம் என்றாலும், எடை பார்ப்பதும் அப்போதே முடிந்துவிடுகிறது. மீண்டும் மாட்டும்போது தொட்டியைக் கால் வட்டம் திருப்பி மாட்டுவதால், அதே பக்கம் எப்போதும் வெயிலில் காய்வதும் நின்றது.

கடைசியாக இடம். ஒன்றரை அடிச் சங்கிலி சேர்த்து என் தொட்டியைத் தாழ்த்தினேன். உச்சி இப்போது கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, காலை வெயில் ஏழரையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் மண்ணின் மேலேயே விழுகிறது. தாழ்த்த முடியாத தாழ்வாரத்தில், அல்லது நடப்பவர் தலையில் இடிக்கும் இடத்தில், தொங்கவிடுவதை விட்டு ஜன்னலோர மேசையில் உயரமான பீடத்தின் மேல் வைப்பது மேல். ஏர்கான் வெளிக்கருவியின் சூடான காற்று படும் இடத்தில் மாட்டியிருப்பவர்கள் மட்டும், மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன் தொட்டியை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தக் காற்றில் ஒரு பக்கம் இரண்டு நாளில் காயும், எந்த முறையில் ஊற்றினாலும் மறுபக்கத்தோடு அது ஒத்துப்போகாது.